நாலரை மணிக் காப்பி நள்ளிரவில் என்ன செய்கிறது?

"எனக்கெல்லாம் ராத்திரி ஒரு டம்ளர் காப்பி குடிச்சாக்கூட படுத்த உடனே தூக்கம் வந்துடும்." நம் வீடுகளில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தலையணையில் தலை சாய்த்த பத்தாவது நிமிடம் அவர்கள் உண்மையிலேயே தூங்கிவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடக்கிற எதற்கும் அவர்கள் சாட்சியாக இருக்க முடியாது. தூங்குகிறவருக்குத் தன் தூக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தது, எத்தனை முறை அரை நிமிடம் விழித்து மறுபடி கண் மூடினோம் என்பதெல்லாம் நினைவில் இருக்காது.

இதை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் தூக்கத்தில் குறை எதுவும் இல்லாத 12 பேர் கலந்துகொண்டார்கள். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை, மூன்று மணி நேரம் முன்பு ஒன்று, படுக்கும்போது ஒன்று என ஒவ்வொருவரும் மூன்று விழுங்கினார்கள். சில நாட்களில் மூன்றில் ஏதோ ஒன்றில் மட்டும் 400 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். மற்றவை வெறும் மாத்திரைகள். சில நாட்களில் மூன்றுமே வெறும் மாத்திரை. எதில் என்ன இருக்கிறது என்று விழுங்குபவருக்குத் தெரியாது. இரவில் தலையில் கட்டிய கருவி தூக்கத்தை அளந்தது. காலையில் அவர்களே எவ்வளவு தூங்கினோம் என்று டைரியில் எழுதினார்கள்.

ஆறு மணி நேரம் முன்பே காஃபீன் உள்ளே போன நாட்களிலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருப்பதைக் கருவி காட்டியது. டைரியில் அந்தக் குறைவு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு விழுங்கியது இரவு பதினோரு மணிக்குப் படுத்தவரின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவருக்கோ அது சரியாகப் புலப்படவில்லை. 400 மில்லிகிராம் என்பது பெரிய அளவு, நம் வீட்டு டம்ளர் ஒன்றில் அவ்வளவு இருக்காது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில், குடித்து ஆறு மணி நேரம் ஆன பிறகும் அது உடம்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

காப்பி குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் அதில் உள்ள காஃபீன் கிட்டத்தட்ட முழுவதும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் வந்துவிடுகிறது. நீரிலும் கொழுப்பிலும் எளிதாகக் கலக்கும் பொருள் என்பதால் மூளைக்குள் நுழைய அதற்குத் தடை இல்லை. நுழைவது வேகம், வெளியேறுவதுதான் தாமதம். சிறுநீரில் அப்படியே வெளியேறும் காஃபீன் மிகக் கொஞ்சம். மற்றதையெல்லாம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி துண்டு துண்டாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். சிவைபி1ஏ2 என்பது அந்த நொதியின் பெயர். உடம்பில் உள்ள காஃபீனைக் கழிக்கும் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இந்த ஒரு நொதியின் தலையில்தான் விழுகிறது.

நொதி வேலை செய்யும் முறையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது கழிப்பதில்லை. இருப்பதில் இத்தனை பங்கு என்றுதான் கழிக்கிறது. ஆகவே இருப்பு பாதியாவதற்கு ஒரு குறிப்பிட்ட நேரம் பிடிக்கும்; அந்தப் பாதி மறுபடி பாதியாக அதே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் மருந்தியலில் அரை ஆயுள் என்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம். சராசரி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒன்றரை மணி நேரமாகவும் இன்னொருவருக்கு ஒன்பதரை மணி நேரமாகவும் இருக்கலாம். ஒரே தட்டில் வந்த இரண்டு டம்ளர் காப்பியைக் கணவனும் மனைவியும் குடித்து, ஒருவர் நன்றாகத் தூங்கி மற்றவர் புரண்டு படுப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூளைக்குள் நடப்பது இது. காலையில் விழித்ததிலிருந்து மூளையின் செல்கள் ஆற்றலைச் செலவிடச் செலவிட, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளை செல்களின் மேல் உள்ள சில ஏற்பிகளில் போய் உட்காரும்போது செல்களின் வேகம் தணிகிறது. நமக்குக் கண் சொக்குகிறது. எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோமோ அத்தனைக்கு அடினோசின், அத்தனைக்குத் தூக்க அழுத்தம். காஃபீனின் மூலக்கூறு வடிவம் அடினோசினை ஒத்தது. அது அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அடினோசின் செய்யும் வேலையைச் செய்வதில்லை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அப்படி. துண்டு பயணம் செய்வதில்லை. ஆனால் டிக்கெட் எடுத்தவர் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். அடினோசின் எங்கும் போய்விடவில்லை. இடம் இல்லாமல் நிற்கிறது, அவ்வளவே. அதனால்தான் காப்பி களைப்பைப் போக்குவதில்லை என்று சொல்கிறார்கள். களைப்பு இருக்கிறது, அது மூளைக்குச் சொல்லப்படவில்லை.

இரவு பத்தரை மணிக்கு இந்தச் சீட்டுகளில் ஒரு பகுதி இன்னும் காஃபீன் வசம் இருந்தால் என்ன ஆகும்? பதினாறு மணி நேரம் விழித்திருந்தவரிடம் அடினோசின் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். மிச்சமுள்ள இடங்களில் அது உட்காருவதே அவரைத் தூங்க வைக்கப் போதுமானது. எனவே அவர் தூங்கிவிடுகிறார். ஆனால் முதல் மூன்று மணி நேரத்தில் வர வேண்டிய ஆழ்ந்த உறக்கம், மூளை அலைகள் மெதுவாகவும் உயரமாகவும் எழுந்து விழும் அந்தக் கட்டம், முழு பலத்தோடு வருவதில்லை. மேலோட்டமான உறக்கம் கூடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. சிறுநீர் கழிக்க எழுந்தோம், கொசு கடித்தது, மின்விசிறி நின்றது என்று ஒவ்வொரு விழிப்புக்கும் நமக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆழ்ந்து தூங்கியிருந்தால் அதே கொசுவுக்கு எழுந்திருக்க மாட்டோம்.

எவ்வளவு கொஞ்சம் மிச்சம் இருந்தால் இது நடக்கும் என்பதற்கு 1995-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 9 ஆண்களுக்குக் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு 200 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். அன்று வேறு காஃபீன் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எச்சிலில் அளந்தபோது லிட்டருக்கு 17 மைக்ரோமோல் இருந்தது. இரவு படுக்கப் போகும் முன் அளந்தபோது 3. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அன்றைய இரவின் மூளை அலைப் பதிவில் ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலைகள் பலம் குறைந்திருந்தன, மொத்தத் தூக்க நேரமும் கொஞ்சம் குறைந்திருந்தது. இது காலையில் குடித்ததன் கதை. மாலையில் குடித்ததற்கு அந்தப் பதினாறு மணி நேர அவகாசம் இல்லை.

இனி நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம். ஒரு டம்ளர் பில்டர் காப்பியில் எவ்வளவு காஃபீன் இருக்கும் என்று கேட்டால் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் காப்பித் தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். முதலில் சிக்கரி. பாக்கெட்டில் 80-20 என்றோ 60-40 என்றோ போட்டிருக்கும். முதல் எண் காப்பி, இரண்டாவது சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் காஃபீன் அறவே இல்லை. அடுத்தது கொட்டையின் ரகம். அராபிகாவில் எடைக்கு நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு அளவில் காஃபீன் இருக்கும். ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட அதைப் போல் இரு மடங்கு. பிளாண்டேஷன் ஏ என்று கடையில் கேட்டு வாங்குவது அராபிகா. விலை குறைவாகவும் டிகாஷன் கறுப்பாகவும் கசப்பாகவும் வர வேண்டும் என்று கலப்பது பெரும்பாலும் ரொபஸ்டா. பீபெரி என்பது கொட்டையின் உருண்டை வடிவத்தைக் குறிக்கும் பெயர்தான். அது இரண்டு ரகத்திலும் வரும்.

ஒரு ஆளுக்கு பில்டரில் 8 கிராம் தூள் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 80-20 கலவை என்றால் அதில் காப்பி 6.4 கிராம். முழுக்க அராபிகாவாக இருந்தால் அதில் இருக்கும் காஃபீன் 80 மில்லிகிராம். முழுக்க ரொபஸ்டாவாக இருந்தால் 140-ஐத் தொடும். காஃபீன் வெந்நீரில் எளிதாகக் கரையும். பில்டரின் மேல் தட்டில் நின்று சொட்டுச் சொட்டாக இறங்கும் முதல் டிகாஷனிலேயே அதில் பெரும்பகுதி வந்துவிடும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷன் நிறத்திலும் காஃபீனிலும் இளைத்ததுதான். பால் எவ்வளவு ஊற்றினாலும் காஃபீன் குறைவதில்லை. டிகாஷனின் அளவு குறைந்தால்தான் குறையும். நான் கணக்குக்கு ஒரு டம்ளருக்கு 100 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கப் டீக்கு 40. உங்கள் வீட்டில் இதற்கு முன்பின் இருக்கலாம்.

நாற்பத்தைந்து வயது அலுவலக ஊழியர் ஒருவரின் சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் காப்பி. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஒரு டீ. நாலரை மணிக்கு இன்னொரு டம்ளர் காப்பி. இரவு பத்தரைக்குப் படுக்கை. காப்பியில் அளவு மீறியவர் என்று இவரை யாரும் சொல்ல மாட்டார்கள். இவருடைய அரை ஆயுள் சராசரியான 5 மணி நேரம் என்றால், பத்தரை மணிக்கு மாலைக் காப்பியிலிருந்து 44 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். டீயிலிருந்து 8, காலைக் காப்பியிலிருந்து 11. ஆக மொத்தம் 63. விளக்கை அணைக்கும் நேரத்தில் ஒன்றரைக் கப் டீயின் காஃபீன் அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கும் முன் ஒன்றரைக் கப் டீ குடிக்கச் சொன்னால் அவரே மறுத்துவிடுவார். அந்த 63 பாதியாவதற்கே விடியற்காலை மூன்றரை மணி ஆகிவிடும்.

இதில் மாலைக் காப்பியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் 19. முற்றிலும் விடாமல், அதே டம்ளரைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் குடித்தால் மிச்சம் 42. அன்றைய நாளில் குடித்த மொத்தக் காஃபீன் மாறவே இல்லை, குடித்த நேரம்தான் மாறியது.

அடுத்து, அவருக்கு அரை ஆயுள் 10 மணி நேரம் என்று வைத்து அதே மூன்று கோப்பைகளைக் கணக்கிடுங்கள். பத்தரை மணிக்கு மாலைக் காப்பியில் 66, டீயில் 18, காலைக் காப்பியில் 33 என 117 மில்லிகிராம் வருகிறது. ஒரு முழு டம்ளருக்கும் மேல். முந்தின நாளின் மிச்சத்தை இதில் நான் சேர்க்கவில்லை; அரை ஆயுள் நீண்டவர்களுக்கு அதுவும் கணிசமாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. கல்லீரல் காஃபீனை மாற்றும்போது முக்கியமாக உண்டாகும் பாராக்சாந்தின் என்ற பொருளும் அதே அடினோசின் ஏற்பிகளை அடைக்கக்கூடியது. ஆகவே காஃபீனை மட்டும் எண்ணும் இந்தக் கணக்கு உண்மை நிலையைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது.

பத்து மணி நேரம் என்பது யாருக்கோ வரும் அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் காஃபீனின் அரை ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது 15 மணி நேரம் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் காலை எட்டு மணிக் காப்பியின் பாதி இரவு பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். நஞ்சுக்கொடியைக் காஃபீன் எளிதாகக் கடக்கும். வயிற்றில் உள்ள குழந்தைக்கோ அதைக் கழிக்கும் நொதி இன்னும் வளரவில்லை. கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பிறந்த குழந்தைக்குக் காஃபீன் பாதியாக மூன்று நாட்களுக்கு மேல்கூட ஆகும். குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறந்துபோகும் நிலைக்கு மருத்துவமனைகளில் காஃபீனையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். நாளுக்கு ஒரே வேளை கொடுத்தால் போதும், அவ்வளவு நேரம் தங்கும்.

சில மருந்துகள் இந்த நொதியின் கையைக் கட்டிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு பல தொற்றுகளுக்கும் நம் ஊரில் அடிக்கடி எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் அவற்றில் ஒன்று. அந்த மாத்திரை சாப்பிடும் ஐந்து நாளும் படபடப்பாக இருக்கிறது, தூக்கமே வரவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. பழி முழுவதும் மாத்திரை மேல் விழும். கூடவே வழக்கம்போல் மூன்று வேளை காப்பி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மன அழுத்தத்துக்கும், திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழல் நோய்க்கும் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்சமின் இன்னும் வலுவானது. அதைச் சாப்பிட்டவர்களிடம் அளந்தபோது காஃபீனின் அரை ஆயுள் 5 மணி நேரத்திலிருந்து 31 மணி நேரமாக நீண்டது. அந்த நிலையில் காலைக் காப்பி, மாலைக் காப்பி என்ற வேறுபாட்டுக்கே பொருள் இல்லை. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கும் காஃபீன் வெகுநேரம் தங்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. பீடி, சிகரெட்டின் புகையில் உள்ள சில பொருள்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. புகைப்பவர்களுக்குக் காஃபீனின் அரை ஆயுள் மற்றவர்களுக்கு இருப்பதில் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். அதனால்தான் அவர்களால் நாளுக்கு ஐந்தாறு காப்பி குடித்தும் தாக்குப்பிடிக்க முடிகிறது. சங்கடம் வருவது அவர் புகையை விடும்போது. விட்ட சில நாட்களிலேயே நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும், காப்பியோ அதே ஐந்தாறு. ரத்தத்தில் காஃபீன் இரு மடங்காக ஏறும். தூக்கம் கெடும், கை நடுங்கும், எரிச்சல் வரும். நிக்கோடின் விட்டதால் வரும் தொல்லைகளும் ஏறக்குறைய இவையே என்பதால், "சிகரெட்டை விட்டதிலிருந்துதான் எனக்கு இப்படி" என்று மனம் தளர்ந்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். புகையை விடுகிறவர் அந்த வாரமே காப்பியைப் பாதியாக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

வயதும் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டும்போது ஆழ்ந்த உறக்கம் இயல்பாகவே குறைந்துகொண்டு வரும். இருபத்தைந்து வயதுக்காரரிடம் காஃபீன் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கும். ஐம்பதில் எடுக்க அவ்வளவு இருப்பு இல்லை. "இத்தனை வருஷமா குடிச்சுட்டுதானே இருக்கேன், இப்ப மட்டும் என்ன?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. காப்பி மாறவில்லை, தூக்கம் மாறிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கச் சான்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2023-ல் முந்தைய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, காஃபீன் சராசரியாக 45 நிமிடத் தூக்கத்தைக் குறைப்பதாகவும், 107 மில்லிகிராம் உள்ள ஒரு கப் காப்பியைப் படுக்கைக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் முன்பே முடித்துவிடுவது நல்லது என்றும் எழுதினார்கள். அதே குழுவினர் பிறகு 23 ஆண்களை வைத்து நேரடியாகச் சோதித்தார்கள். 400 மில்லிகிராம் கொடுத்தபோது பன்னிரண்டு மணி நேரம் முன்பு கொடுத்ததும் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் 100 மில்லிகிராமைப் படுக்கைக்கு நாலு மணி நேரம் முன்பு கொடுத்தபோதுகூட குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை. ஆகவே, வேறு காஃபீன் எதுவும் சேராத, ஆரோக்கியமான, இளவயது ஆண் ஒருவர் நாலரை மணிக்கு ஒரே ஒரு லைட் காப்பி குடிப்பதால் அவருக்கு இரவு பாழாகிவிடும் என்று பயமுறுத்துவது தவறு. மாலைக் காப்பி எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. காலையிலிருந்து ஏறிய மொத்தத்தின் மேல் வந்து உட்காரும் மாலைக் காப்பி, அதுவும் மெதுவாகக் கழிக்கும் உடம்பில், கெடுதல்.

நீங்கள் இதில் எந்த ரகம் என்பதை ஆய்வகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். படுத்தவுடன் தூக்கம் வருகிறதா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். அது ஏமாற்றும் என்று மேலே பார்த்தோம். கவனிக்க வேண்டியவை வேறு. விடியற்காலை இரண்டு, மூன்று மணி வாக்கில் எத்தனை முறை எழுகிறீர்கள்? ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தும், காலைக் காப்பி உள்ளே போகும்வரை மனம் மந்தமாக இருக்கிறதா? மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணைச் சுழற்றுகிறதா? சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அசதி எல்லோருக்கும் வரும், அது உடம்பின் கடிகாரத்தின் இயல்பு. ஆனால் வேலையே ஓடாத அளவுக்கு வந்தால், நேற்று இரவின் ஆழ்ந்த உறக்கக் குறைவுதான் இன்று மூன்று மணிக்கு வந்து நிற்கிறது. அதைப் போக்க நாலரைக்குக் காப்பி, அதனால் இன்றிரவும் குறைவு என்று சுற்றிக்கொண்டே போகும்.

சோதனைக்கு இரண்டு வாரம் போதும். கடைசிக் காப்பியையோ டீயையோ பகல் ஒரு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். படுக்கும் நேரம், எழும் நேரம், காலைக் காப்பி எதையும் மாற்றக் கூடாது. ஒரே சமயத்தில் நாலைந்தை மாற்றினால் எதனால் எது வந்தது என்று தெரியாது. முதல் மூன்று நான்கு நாட்களை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். வழக்கமாகக் குடிப்பவர் நிறுத்தினால் பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் வரைகூட இழுக்கலாம். இந்தத் தலைவலிக்காகத்தான் பலர் மூன்றாம் நாளே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் மாலை டம்ளரில் டிகாஷனை நாளுக்கு நாள் குறைத்துப் பாலைக் கூட்டிக்கொண்டே வந்தால் தலைவலி பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. அப்படிச் செய்பவர்கள் இரண்டு வாரக் கணக்கை அதற்குப் பிறகு தொடங்கட்டும். ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் வலி நிவாரணியோடு காஃபீனும் சேர்ந்திருக்கும். மாலையில் அதை விழுங்கினால் காப்பியைத் தவிர்த்ததற்குப் பயன் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கோலா பானங்களிலும் கறுப்பு சாக்லேட்டிலும் காஃபீன் உண்டு.

நாலரை மணிக்கு வீட்டுக்கு யாராவது வந்தால் "ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்பதுதான் நம் வழக்கம். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொண்டார்களோ என்று தோன்றும். அந்த உபசாரத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. சுக்குமல்லிக் காப்பி என்று நாம் சொல்லும் பானத்தில் காப்பித் தூளே இல்லை. பனங்கருப்பட்டி போட்டுச் சூடாகக் கொடுத்தால் வந்தவரும் குறை சொல்ல மாட்டார். காப்பியின் ருசியேதான் வேண்டும் என்பவர் காஃபீன் நீக்கிய தூளைப் போட்டுக்கொள்ளலாம். அதிலும் கொஞ்சம் காஃபீன் இருக்கும், ஆனால் ஒரு கப்பில் ஒற்றை இலக்க மில்லிகிராமோ அதைச் சற்றுத் தாண்டியோதான்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்து பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால், உங்கள் தூக்கக் குறைவுக்குக் காப்பி காரணமல்ல. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுவது, படுத்ததும் கால்களில் குடைச்சல் போன்றவை இருந்தால் அவற்றுக்குத் தனியாக மருத்துவம் உண்டு, மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன மருந்துகளில் ஏதாவது எழுதித் தரும்போது, "டாக்டர், நான் ஒரு நாளைக்கு இத்தனை காப்பி குடிப்பேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மருத்துவர்களுக்கு அதைக் கேட்க நேரம் இருப்பதில்லை. மாற்றம் தெரிந்தவர்கள் காப்பியை விட வேண்டாம். பத்தரைக்குப் படுப்பவர் பகல் ஒரு மணிக்குள் கடைசி டம்ளரைக் குடித்து முடித்துவிட்டால் போதும்.